264 ஜிபி கல்யாணமும் 10 மெகாபிட் அப்லோடும்: திருநகரில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஆனி மாதக் கடைசி முகூர்த்தம் முடிந்த மறுநாள் திருநகரிலிருந்து ஒரு போன். கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டு நெட்வொர்க் வேலை பார்க்கிறவன் நான். அவர் வீட்டுக்கு முன்பே இரண்டு தடவை போயிருக்கிறேன்.

"தம்பி, 100 எம்பின்னு சொல்லித்தான் நெட்டு போட்டாங்க. மூணு நாளா ஒரு கல்யாணம் மேல ஏற மாட்டேங்குது. சிவகாசிக்காரர் ஆல்பம் டிசைனுக்கு உக்காந்திருக்கார்."

பின்னாலிருந்து மதினி குரல் கேட்டது: "அது ஏறுறப்ப சிங்கப்பூர்ல இருக்க பையன்கூட பேச முடியலன்னு சொல்லுங்க."

அண்ணன் இதை இரண்டு தனித்தனிக் குறைகள் என்று நினைத்திருந்தார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று தெரிய எனக்கு ஒரு முற்பகல் ஆனது.

முதலில் அளந்தது

ஒரு கல்யாணத்துக்கு அவர் கையில் என்ன சேர்கிறது என்று பார்த்தோம். இரண்டு கேமராவிலும் சேர்த்துச் சுமார் 3,000 ரா படங்கள், அதாவது கேமரா சுருக்காமல் தரும் மூலக் கோப்புகள். ஒரு படம் 28 மெகாபைட் என்றால் 84 ஜிபி. வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் தரத்தில் பதிவாகிறது, அதாவது ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. நான்கு மணி நேரம் என்றால் 180. ஆக ஒரு கல்யாணம் 264 ஜிபி. இது முழுவதும் கிளவுடில் உள்ள ஒரு போல்டருக்கு சிங்க் ஆக வேண்டும். சிவகாசியில் ஆல்பமும் வீடியோ எடிட்டிங்கும் செய்து கொடுக்கும் கடைக்காரர் அங்கிருந்து இறக்கிக்கொள்வார்.

என் லேப்டாப்பை ரவுட்டரில் நேராகக் கேபிள் போட்டு மாட்டி, சிங்க்கை நிறுத்திவிட்டு வேகம் பார்த்தேன். டவுன்லோடு 94 மெகாபிட், அப்லோடு 9.6 மெகாபிட். 94 என்பதில் குறை ஒன்றும் இல்லை. 100 மெகாபிட் போர்ட்டில் நடைமுறையில் கிடைப்பது அவ்வளவுதான்.

பிரச்சினை 9.6-இல் இருக்கிறது. ஒரு பைட்டுக்கு 8 பிட். 9.6 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் நொடிக்கு 1.2 மெகாபைட். 264 ஜிபியை அந்த வேகத்தில் தள்ள 61 மணி நேரம் ஆகும். இதே 264 ஜிபியை இதே வீட்டில் டவுன்லோடு செய்தால் ஆறேகால் மணி நேரத்தில் வந்துவிடும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் அண்ணன் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. கம்ப்யூட்டரைக் குறை சொல்லி இரண்டு தடவை விண்டோஸ் போட்டிருக்கிறார்.

ஏன் மேலே போவது மட்டும் மெல்லியது

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. டெலிபோன் கம்பியில் வந்த ஏடிஎஸ்எல் காலத்திலிருந்து வருகிறது. அந்தச் செம்புக் கம்பியில் ஏறத்தாழ 1.1 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையைத்தான் பயன்படுத்தினார்கள். அதை நடுவில் பாதியாகப் பிரிக்கவில்லை. 26 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரையான சிறு துண்டு அப்லோடுக்கு. அதற்கு மேலே இருந்த பெரிய பகுதி டவுன்லோடுக்கு. அதனால்தான் 8 மெகாபிட் இறங்கிய இணைப்பில் ஒரு மெகாபிட்டை ஒட்டியே ஏறியது.

வீட்டில் இருப்பவர்கள் பார்க்கவும் படிக்கவும்தான் செய்வார்கள், அனுப்ப மாட்டார்கள் என்ற கணிப்பு இதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் கம்பியின் இயல்பில் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் நூற்றுக்கணக்கான கம்பிகள் ஒரே கட்டாக வந்து சேர்கின்றன. நம் வீட்டிலிருந்து கிளம்பிய சிக்னல் அங்கே போய்ச் சேரும்போது களைத்துப்போயிருக்கும். அதே இடத்தில்தான் எக்ஸ்சேஞ்ச் தன் பலமான சிக்னலை எல்லா வீடுகளுக்கும் கிளப்புகிறது. அந்த இரைச்சலில் நம் சிக்னல் மூழ்கிவிடாமல் இருக்கத் தனித் துண்டு வேண்டும். தொலைவில் குறைவாகத் தேய்வது தாழ்ந்த அலைவரிசை என்பதால் அந்தத் துண்டை அடியில் வைத்தார்கள். கேபிள் டிவி கம்பியில் வந்த இன்டர்நெட்டிலும் அடிப்பகுதியில் ஒரு சின்ன இடம்தான் அப்லோடுக்கு. அங்கே ஒரு தெருவின் எல்லா வீட்டு இரைச்சலும் மேலே போகும் வழியில் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

அண்ணன் வீட்டுக்கு வந்திருப்பது ஃபைபர். பகுதி கேபிள்காரர் இழுத்துக் கொடுத்தது, ஜிபான் முறை. அதில் கண்ணாடி இழை ஒன்றுதான், ஒளியின் நிறம் இரண்டு. இறங்குவது 1490 நானோமீட்டர், ஏறுவது 1310. ஒன்றையொன்று இடிக்காது. தெருமுனைப் பெட்டியில் உள்ள ஸ்பிளிட்டர் ஒரே இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கும். இறங்கும்போது ஒளி எல்லா வீட்டுக்கும் போகிறது, அவரவர் பெட்டி தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஏறும்போது அப்படி முடியாது. இரண்டு வீட்டு லேசர் ஒரே நேரத்தில் எரிந்தால் ஒளி கலந்துவிடும். அதனால் கேபிள்காரர் அலுவலகத்தில் இருக்கும் ஓஎல்டி என்ற கருவி ஒவ்வொரு வீட்டுக்கும் முறை போட்டுக் கொடுக்கிறது. நம் முறை வந்தால்தான் நம் பெட்டி பேசும்.

ஜிபானில் மொத்த வேகம் இறங்க 2.5 ஜிகாபிட், ஏற 1.25 ஜிகாபிட். அதாவது இரண்டுக்கு ஒன்று. அண்ணன் வீட்டில் இருந்ததோ பத்துக்கு ஒன்று. அப்படியானால் இந்தக் குறுக்கல் இழையில் இல்லை, வேறெங்கோ யாரோ போட்டது.

யார் போட்டது என்று கண்டுபிடித்த விதம்

அப்லோடு மெதுவாக இருப்பதற்கு வீட்டளவில் நான்கு காரணங்கள் இருக்கலாம். வைஃபை, நலிந்த ஃபைபர், தெருவே நெரிசல், பிளானில் போட்ட வரம்பு. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு.

வைஃபை இல்லை என்று கேபிள் போட்டு அளந்ததிலேயே தெரிந்தது. ஃபைபர் நிலையைப் பார்க்க, வீட்டில் ஃபைபர் வந்து முடியும் ஓஎன்யு பெட்டியின் பக்கத்தைத் திறந்தேன். வந்துசேரும் ஒளியின் பலத்தைக் காட்டும் Rx Power என்ற இடத்தில் -21.3 dBm. சாதாரண ஜிபான் பெட்டிகள் -27 வரை தாங்கும், ஆகவே ஒளி நன்றாகத்தான் வருகிறது. நலிந்த ஒளி என்றால் வேகம் இப்படி ஒரே சீராக நிற்காது. விட்டுவிட்டு வரும், பெட்டியில் சிவப்பு விளக்கு அடிக்கடி எரியும்.

தெரு நெரிசலா என்று பார்க்க நேரம்தான் சாட்சி. காலை பதினொன்றுக்கு 9.6. இரவு ஒன்பதுக்கு, ஊரே வீடியோ பார்க்கும் நேரத்தில், அண்ணனையே அளக்கச் சொன்னேன். 9.5. அதிகாலை மூன்று மணிக்கு இன்னொரு முறை அளந்தார். 9.6. நெரிசலாக இருந்தால் இரவில் சரிந்து விடிகாலையில் ஏறியிருக்கும். மூன்று வேளையும் ஒரே எண் வந்தால் அது யாரோ திருகி வைத்த குழாய். இணைப்பு கொடுத்தவரைக் கேட்டோம். மறைக்காமல் சொன்னார்: "அண்ணே, வீட்டு பிளான்ல மேல போறதுக்கு 10தான் வச்சிருக்கோம். நோட்டீஸ்ல போடுற 100 கீழ வர்றதுக்கு."

நோட்டீஸில் இரண்டு எண்ணையும் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். படம் பார்க்கிறவருக்கு ஒரு எண் போதும். பிழைப்புக்கு நெட் வாங்குகிறவருக்கு மறைந்திருக்கும் எண்தான் முக்கியம்.

மதினியின் வீடியோ கால் ஏன் அறுந்தது

வீடியோ காலுக்கு ஒன்றிரண்டு மெகாபிட் போதும். 94 இருக்கும் வீட்டில் அது ஏன் உறைந்து நிற்கிறது? சிங்க்கை மீண்டும் ஓடவிட்டு, ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ping போட்டேன். முதல் வரி சிங்க் இல்லாதபோது, இரண்டாவது சிங்க் ஓடும்போது:

```
Reply from 8.8.8.8: bytes=32 time=11ms TTL=117
Reply from 8.8.8.8: bytes=32 time=848ms TTL=117
```

11 மில்லிநொடி 848 ஆகிவிட்டது. இந்த 837 மில்லிநொடி எங்கே போனது என்று கணக்குப் போட்டால் பெட்டிக்குள் நடப்பது தெரியும். கம்ப்யூட்டர் ரவுட்டருக்குத் தரும் வேகம் வெளியே போகும் வேகத்தைவிடப் பல மடங்கு. மிஞ்சியதை ரவுட்டரோ ஓஎன்யுவோ தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கிறது. வரிசையில் ஒரு மெகாபைட் நின்றால், நொடிக்கு 1.2 மெகாபைட் வேகத்தில் அது வடிய 0.83 நொடி. நாம் அளந்ததும் அதுதான். மதினி பேசும் ஒவ்வொரு சொல்லும் கல்யாணப் படங்களுக்குப் பின்னால் முக்கால் நொடிக்கு மேல் வரிசையில் நின்றுதான் சிங்கப்பூர் போகிறது. பையன் பதில் சொல்வதற்குள் இவர் அடுத்ததைக் கேட்டிருப்பார்.

கண்மாய்க்கு வரத்து வாய்க்கால் அகலமாக இருந்து மடை சின்னதாக இருந்தால் தண்ணீர் நிற்கத்தானே செய்யும். இங்கே நிற்பது தகவல்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. சிங்க் ஓடும்போது டவுன்லோடும் படுத்துவிட்டது. 94 இருந்தது 30-க்கு அருகே வந்தது. இறங்கும் பாதையில் யாரும் இல்லாதபோது அது ஏன் குறைய வேண்டும்? ஏனென்றால் பொதுவாக இறங்கும் ஒவ்வொரு இரண்டு பாக்கெட்டுக்கும் ஒரு முறை 'வந்துசேர்ந்தது' என்ற சின்னச் சீட்டை நம் கம்ப்யூட்டர் திருப்பி அனுப்ப வேண்டும். 94 மெகாபிட் இறங்கும்போது நொடிக்கு நான்காயிரம் சீட்டு வரை மேலே போகும். அதற்கே ஒன்றரை மெகாபிட் அப்லோடு வேண்டும். சீட்டு அந்த நீண்ட வரிசையில் மாட்டினால், அனுப்புகிற சர்வர் சீட்டு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். அப்லோடு நிரம்பினால் டவுன்லோடும் தேய்வது இப்படித்தான். வீட்டில் 'நெட்டே ஸ்லோ' என்று எல்லாரும் சொன்னது உண்மைதான். எந்தப் பக்கம் அடைத்திருக்கிறது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

தேங்கிய கணக்கு

அண்ணன் காலை பத்துக்குக் கம்ப்யூட்டரைப் போட்டு இரவு எட்டுக்கு அணைப்பார். மின்சாரம் வீணாகக் கூடாது என்பது வீட்டு வழக்கம். பத்து மணி நேரத்தில் 43 ஜிபி ஏறும். அதிலும் முழுதாகப் படங்கள் ஏறவில்லை. சிங்க் பட்டியலை உட்கார்ந்து பார்த்தபோது ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. படங்களைத் தரம் பிரிக்கும் மென்பொருளின் பட்டியல் கோப்பு, .lrcat என்று முடிவது. 1.8 ஜிபி. ஒரு படத்துக்கு ஒரு நட்சத்திரம் போட்டு மூடினாலும் அந்தக் கோப்பு மாறிவிடும். இவர் வைத்திருந்த சிங்க் மென்பொருள் மாறிய பகுதியை மட்டும் அனுப்பத் தெரியாதது. முழுக் கோப்பையும் அனுப்பும். ஒரு தடவைக்கு 25 நிமிடம். நாளுக்கு மூன்று தடவை என்றால் ஒன்றேகால் மணி நேரம் அதற்கே போச்சு.

மிச்ச நேரத்தில் நாளுக்குச் சுமார் 38 ஜிபி, வாரத்துக்கு 265. ஒரு கல்யாணம் 264. வாரம் ஒரு கல்யாணம் என்றால் மூச்சுப் பிடித்துத் தாக்குப்பிடிக்கும். வைகாசி, ஆனியில் ஆறு வாரமாக வாரத்துக்கு இரண்டு. ஒவ்வொரு வாரமும் ஒரு முழுக் கல்யாணம் ஏறாமலே நின்று, ஆறு வாரத்தில் 1.58 டெராபைட் சேர்ந்திருந்தது. சிவகாசிக்காரர் கேட்ட கல்யாணம் அந்தக் குவியலின் கடைசியில் இருந்தது. பழையது முழுக்க முடிந்தால்தான் அதற்கு முறை வரும்.

செய்தவை

அன்றைக்கே முடிய வேண்டிய வேலை சிவகாசி ஆல்பம். டிசைனருக்கு முதல் கட்டத்தில் ரா படம் தேவையே இல்லை, எந்தப் படம் எந்தப் பக்கத்தில் என்று முடிவு செய்யச் சின்ன ஜேபெக் போதும். 3,000 படங்களையும் 2048 பிக்சல் அளவில் எடுத்தோம். ஒன்று 700 கிலோபைட், மொத்தம் 2.1 ஜிபி. அரை மணி நேரத்தில் ஏறிவிட்டது. அவர் தேர்ந்தெடுத்த 350 படங்களின் ரா கோப்புகள் மட்டும் 9.8 ஜிபி. இரண்டேகால் மணி நேரம். மூன்று நாளாக நின்ற வேலை மதியத்துக்கு மேல் நகர்ந்தது.

வீடியோவை ஹார்டு டிஸ்க்கில் கொடுத்தனுப்பச் சொன்னேன். அண்ணனுக்கு அது பழைய காலத்துக்குப் போவது போலத் தோன்றியது. கணக்குப் போட்டுக் காட்டினேன். முழுக் கல்யாணத்தையும், 264 ஜிபி, டிஸ்க்கில் எழுத 44 நிமிடம். திருமங்கலத்தில் பஸ் ஏறினால் சிவகாசி இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே நகலெடுக்க இன்னொரு 44 நிமிடம். மூன்றரை மணி நேரத்தில் முடிகிறது. நொடிக்கு 169 மெகாபிட் வேகம், அவருடைய அப்லோடைவிடப் பதினேழு மடங்கு. ஒரே நிபந்தனை, வழியில் டிஸ்க் தொலைந்தாலும் வீட்டில் இன்னொரு பிரதி இருக்க வேண்டும்.

அப்புறம் அன்றாட சிங்க். .lrcat கோப்பையும் அதன் பிரிவ்யூ போல்டரையும், எடிட்டிங் மென்பொருளின் கேஷ் போல்டரையும் சிங்க்கிலிருந்து விலக்கினோம். பட்டியல் கோப்பின் பேக்கப் வாரம் ஒரு முறை தனியாகப் போகும். படங்களுக்கு, கிளவுடுக்குக் கோப்புகளை அனுப்பும் rclone என்ற மென்பொருளை வைத்தேன்:

```
rclone copy D:\Kalyanam remote:Kalyanam --transfers 2 --bwlimit "07:00,960k 22:00,off"
```

காலை ஏழிலிருந்து இரவு பத்து வரை நொடிக்கு 960 கிலோபைட், இரவில் வரம்பு இல்லை. இந்த எண் பிட் கணக்கு இல்லை, பைட் கணக்கு, அதிலும் ஒரு k என்றால் 1024 பைட். இதை மாற்றிப் புரிந்துகொண்டு எட்டு மடங்கு தப்பாகப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 960 என்பது அளந்த அப்லோடில் சுமார் 82 சதவீதம். மிச்சத்தை வீட்டின் பேச்சுக்கும் அந்தச் சின்னச் சீட்டுகளுக்கும் விட்டுவைத்தோம். copy என்று போட்டதும் காரணத்தோடுதான். sync என்று போட்டால் இங்கே அழித்தது அங்கேயும் அழியும். கல்யாணப் படத்தில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

வரம்பு போட்டபின் சிங்க் ஓடும்போதே ping 848-லிருந்து 24-க்கு வந்தது. ரவுட்டருக்குள் வரிசையே சேரவில்லை. அன்று இரவு மதினி பையனோடு நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார்.

கம்ப்யூட்டரை இரவிலும் ஓடவிடச் சொன்னதில்தான் பெரிய மாற்றம் வந்தது. பகல் 15 மணி நேரத்தில் 53 ஜிபி, இரவு 9 மணி நேரத்தில் 39 ஜிபி, நாளுக்கு 92. வாரத்துக்கு 644 ஜிபி. வாரம் இரண்டு கல்யாணத்துக்கு 528 போதும். அதாவது பழைய 10 மெகாபிட்டிலேயே தேக்கம் வளராமல் நிறுத்த முடிந்திருக்கும். திரையை அணைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் ஓடவிட்டால் கரண்ட் பில் பெரிதாக ஏறாது என்று சொன்ன பிறகுதான் அண்ணன் ஒத்துக்கொண்டார். ஆடிக் காற்றில் கரண்ட் போய்ப்போய் வரும் என்பதால் ரவுட்டருக்கும் ஓஎன்யுவுக்கும் ஒரு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் வைத்தோம்.

பிளான் மாறியதும் தலைகாட்டிய வைஃபை

தேக்கம் நின்றாலும் ஒரு கல்யாணம் மேலே போக மூன்று நாள் என்பது அப்படியே இருந்தது. வேகம் கூடாமல் அது குறையாது. கேபிள்காரரிடம் 50 மெகாபிட் அப்லோடு உள்ள பிளான் இருந்தது. மாற்றிக்கொண்டார். ஃபைபரோ பெட்டியோ எதையும் மாற்றவில்லை. அவர்கள் அலுவலகத்தில் ஒரு எண்ணைத் திருத்தினார்கள், அவ்வளவுதான். என் லேப்டாப்பில் 48 மெகாபிட் வந்தது. ஆனால் மாடியில் அண்ணனின் எடிட்டிங் கம்ப்யூட்டரில் 22-ஐத் தாண்டவில்லை.

அது மாடி அறையில் ஒரு சின்ன யுஎஸ்பி வைஃபை குச்சியில், 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே போகும் வழி 10-ஆக இருந்தவரை 22 தரும் வைஃபையின் குறை யாருக்கும் தெரியவில்லை. மடையை அகலப்படுத்தியதும் அடுத்த குறுகல் தெரிந்தது. ஜன்னலோரமாக இருபது மீட்டர் கேட்-6 கேபிள் இழுத்தேன். மாடியிலும் 48.

இப்போது நொடிக்கு 6 மெகாபைட். ஒரு கல்யாணம் வரம்பில்லாமல் ஓடினால் பன்னிரண்டேகால் மணி நேரம். பகல் வரம்பை 960k-லிருந்து 4M ஆக்கினேன். வரம்பை எடுத்துவிட்டும் ஒரு முறை பார்த்தோம். அதே ஒரு மெகாபைட் வரிசை இப்போது ஆறில் ஒரு பங்கு நொடியில் வடிவதால் ping 180-ஐ ஒட்டியே நின்றது. முன்பு போல் மோசமில்லை என்றாலும் பேச்சில் தெரியும். அதனால் பகல் வரம்பு இருக்கட்டும் என்று மதினி சொல்லிவிட்டார்.

ஆடி பிறந்தது, கல்யாணம் இல்லை. தேங்கியிருந்த 1.58 டெராபைட்டை இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை மட்டும் ஓடவிட்டோம். இரவுக்கு 194 ஜிபி. ஒன்பதாம் நாள் காலை ஆறரைக்கு அண்ணன் திரையைப் படம் எடுத்து அனுப்பினார். Transferred என்ற வரியில் 100% இருந்தது. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "கம்ப்யூட்டரை அணைக்கலாமா தம்பி?"